மாமியின் வயலினும் 53 சென்ரிமீற்றர் கையும்: வளரும் பிள்ளைக்கு எந்த அளவு வயலின் பொருந்தும்?

அக்கா வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு வயலின் இருக்கிறது. அது அத்தானின் தங்கையுடையது. யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கிநின்று வயலின் படித்த அவர், 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறைக்குக் கிளிநொச்சிக்கு வந்தபோது வயலினை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். அந்த மாதமே ஏ9 வீதி மூடப்பட்டது. 2009க்குப் பிறகு வயலின் மட்டும்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அக்காவின் மகளுக்கு எட்டு வயதானபோது அவளை வயலின் வகுப்பில் சேர்த்தார்கள். எந்த வயலின் என்ற கேள்வியே வீட்டில் எழவில்லை. ‘மாமியின் வயலின்’ இருக்கும்போது இன்னொன்று எதற்கு? அது பெரிதாக இருக்கிறதே என்று நான் கேட்டேன். “வளருற பிள்ளைதானே, ரெண்டு வருசத்திலை சரியாப் போகும்” என்றார் அக்கா. பாடசாலைச் சட்டையையும் சப்பாத்தையும் ஓர் அளவு கூட்டி வாங்கியே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கணக்கு வயலினுக்கும் பொருந்தும் என்றுதான் நானும் நினைத்தேன்.

நான்கு மாதங்களில் பிள்ளை இடது மணிக்கட்டு நோகிறது என்றாள். பிறகு, எனக்கு வயலின் வேண்டாம் என்றாள். வகுப்பில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஒவ்வொருவருடைய கையையும் பார்ப்பதற்கு அங்கே நேரம் இருக்கவில்லை. படிக்க விருப்பமில்லாமல் சாட்டுச் சொல்கிறாள் என்று வீட்டில் முடிவுகட்டியிருந்த வேளையில், எனக்குத் தெரிந்த வயலின் ஆசிரியை ஒருவரிடம் அவளைக் கூட்டிச் சென்றேன். அவர் பிள்ளையை வாசிக்கச் சொல்லவில்லை. வயலினைப் பிடித்தபடி இருக்க மட்டும் சொன்னார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “வயலின்ல ஒரு பிழையும் இல்லை. பிள்ளைக்குத்தான் இன்னும் கை காணாது” என்றார்.

அன்று அவரிடம் கேட்டதையும் அதற்குப் பிறகு மூன்று வருடங்களாக இந்தப் பிள்ளையோடு சேர்ந்து நான் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

‘அரை’ என்றால் பாதி அல்ல

பிள்ளைகளுக்கான வயலின்கள் கால், அரை, முக்கால், முழு என்ற அளவுகளில் வருகின்றன. மிகச் சிறிய பிள்ளைகளுக்குக் காலுக்கும் கீழே எட்டில் ஒன்று முதலிய அளவுகளும் உண்டு. இந்தப் பெயர்களைக் கேட்டு, அரை வயலின் முழு வயலினின் பாதி நீளம் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முழு வயலினின் உடல் ஏறத்தாழ 35.5 சென்ரிமீற்றர் நீளமானது. முக்கால் வயலினின் உடல் 33.5, அரை வயலினினது 31 முதல் 32, கால் வயலினினது 28 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். ஆக, முழுவுக்கும் அரைக்கும் இடையே உடலில் நான்கு சென்ரிமீற்றர்தான் வித்தியாசம்.

நான்கு சென்ரிமீற்றருக்காக இன்னொரு வயலின் வாங்குவதா என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் தந்தியில் இருக்கிறது. ஷட்ஜத் தந்தியில் பஞ்சமம் பிடிக்க வேண்டுமானால், தந்தியின் அதிரும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி விரலை வைக்க வேண்டும். முழு வயலினில் அதிரும் தந்தி ஏறத்தாழ 32.5 சென்ரிமீற்றர் என்பதால், பஞ்சமம் 10.8 சென்ரிமீற்றர் தூரத்தில் விழும். அரை வயலினில் அதே பஞ்சமம் ஏறத்தாழ 9.5 சென்ரிமீற்றரில் விழுந்துவிடும். ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமான இந்த வித்தியாசத்தைப் பெரியவர்களின் கை உணராது. எட்டு வயதுப் பிள்ளையின் சுண்டுவிரலுக்கோ அதுதான் எட்டுவதற்கும் எட்டாமைக்கும் இடையிலான தூரம். விரல் எட்டாத பிள்ளை மணிக்கட்டை மடித்து, உள்ளங்கையை வயலினின் கழுத்தில் அழுத்தி எப்படியாவது பிடிக்கப் பார்க்கும். எங்கள் பிள்ளையின் நோவு அங்கிருந்துதான் தொடங்கியது.

கையை அளப்பது எப்படி?

இதற்குத் தையல்காரர் பாவிக்கும் அளவு நாடா போதும். பிள்ளையை நேராக நிற்கச் சொல்லி, இடது கையைத் தோள் உயரத்தில் பக்கவாட்டாக முழுதாக நீட்டச் சொல்லுங்கள். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். கழுத்து தோளோடு சேரும் இடத்திலிருந்து உள்ளங்கையின் நடுப்பகுதி வரை அளவெடுங்கள். 46 முதல் 51 சென்ரிமீற்றர் வரை என்றால் கால் வயலின், 51 முதல் 56 வரை என்றால் அரை, 56 முதல் 60 வரை என்றால் முக்கால். 60ஐத் தாண்டினால்தான் முழு வயலின். விற்பவருக்கு விற்பவர் இந்த எல்லைகள் ஒரு சென்ரிமீற்றர் அங்குமிங்குமாக மாறும்.

இதில் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. சில கடைகளின் அட்டவணை கழுத்திலிருந்து மணிக்கட்டு வரையான நீளத்தைச் சொல்கிறது. சில அட்டவணைகள் உள்ளங்கையின் நடு வரை சொல்கின்றன. இரண்டுக்கும் இடையே பிள்ளைகளின் கையில் பல சென்ரிமீற்றர் வித்தியாசம் வரும். உள்ளங்கை வரை அளந்துவிட்டு மணிக்கட்டு அட்டவணையைப் பார்த்தால் ஒரு முழு அளவு பெரிய வயலினை வாங்கிவிடுவீர்கள். ஆகவே, எதுவரை அளப்பது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதை வைத்து முடிவெடுப்பதும் இதே ஆபத்துத்தான். ஏழிலிருந்து ஒன்பது வயது வரை அரை, ஒன்பதிலிருந்து பதினொன்று வரை முக்கால் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால், ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் கைகள் ஐந்து சென்ரிமீற்றர் வித்தியாசப்படுவது சாதாரணம். எங்கள் பிள்ளையின் கை அன்று 53 சென்ரிமீற்றர். அரை வயலினுக்கு நடுவிலே நிற்கும் அளவு. அவளிடம் இருந்ததோ அதைவிட இரண்டு படி பெரியது.

இருந்து வாசிப்பவர்களுக்கு இன்னொரு சோதனை

இந்த அட்டவணைகள் எல்லாம் வயலினைத் தோளுக்கும் நாடிக்கும் இடையே பிடித்து, நின்று வாசிக்கும் மேற்கத்தேய முறைக்காக உருவானவை. எங்கள் பிள்ளைகள் கர்நாடக முறையில் சம்மணமிட்டு இருந்து, வயலினின் சுருள் தலையை வலது பாதத்தில் ஊன்றி, மறுமுனையை இடது பக்க மேல்மார்பில் சாய்த்து வாசிக்கிறார்கள். வயலினின் பாரத்தைப் பாதம் தாங்குவதால் இடது கை சுமக்க வேண்டியதில்லை. இதனால் சில ஆசிரியர்கள் அட்டவணை சொல்வதைவிட ஒரு படி பெரிய வயலினையும் அனுமதிக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால், பாதம் பாரத்தைத்தான் தாங்கும், விரலை நீட்டித் தராது.

ஆகவே அளவு நாடாவோடு நிறுத்தாமல், பிள்ளையை வாசிக்கும் நிலையில் இருத்திப் பார்க்க வேண்டும். வயலின் பெரிதென்றால் சுருள் தலை பாதத்தில் நிற்காமல் அதைத் தாண்டி வெளியே போகும். இல்லாவிட்டால் பிள்ளை பின்னுக்குச் சாய்ந்து இடம் உண்டாக்கும். சிறிதென்றால் முதுகு கூனி, மார்பு வயலினைத் தேடிக் கீழே இறங்கும். சரியான அளவில் முதுகு நேராக இருக்கும்போதே இரண்டு முனையும் தம் இடத்தில் போய் இருக்கும்.

அடுத்தது விரல் சோதனை. ஆசிரியை இதைத்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்றார். மத்திய ஷட்ஜத் தந்தியில் சுட்டுவிரலைச் சதுஸ்ருதி ரிஷபத்தில் வைக்கச் சொல்லுங்கள். அதை எடுக்காமலே, அதே தந்தியில் சுண்டுவிரலால் பஞ்சமத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது பக்கத்திலுள்ள பஞ்சமத் தந்தியை வெறுமனே மீட்டிப் பாருங்கள். இரண்டு ஒலியும் ஒன்றாக இருந்தால் விரல் எட்டுகிறது. விரல் பிடித்த ஒலி தாழ்ந்திருந்து, அதைச் சரிசெய்யப் பிள்ளை மணிக்கட்டை மடித்தாலோ சுட்டுவிரலை இழுத்துக்கொண்டு போனாலோ வயலின் பெரிது. சங்கீதம் தெரியாத பெற்றோர்கூட இந்த இரண்டு ஒலியையும் ஒப்பிட்டுக் கேட்கலாம். எங்கள் பிள்ளையின் சுண்டுவிரல் மாமியின் வயலினில் பஞ்சமத்தை எட்டவே இல்லை. ஆசிரியையிடம் இருந்த அரை வயலினில் முதல் தடவையே போய் இருந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில், நான் சாட்டுச் சொல்லவில்லை என்பது தெரிந்தது.

வில்லையும் பாருங்கள்

வயலினை மாற்றிவிட்டுப் பழைய வில்லையே கொடுப்பவர்கள் உண்டு. முழு வயலினின் வில் ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர். அரை வயலினின் வில் அதைவிடப் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் குட்டையானது. நீண்ட வில்லின் நுனி வரை போகப் பிள்ளையின் வலது கைக்கு நீளம் போதாது. கை முழுதாக நீண்டு விறைத்த பிறகும் வில் மிச்சம் இருக்கும். அப்போது பிள்ளை தோளைப் பின்னுக்கு இழுக்கும், வில் கோணலாகித் தந்தியில் வழுக்கும், காற்றடிப்பது போன்ற ஒலி வரும். வில்லின் நுனியைத் தந்தியில் வைக்கச் சொல்லி முழங்கையைப் பாருங்கள். அது சற்று மடிந்தபடி இருந்தால் வில் பொருத்தம்.

எப்போது அடுத்த அளவுக்குப் போவது?

பாடசாலைத் தவணை ஒவ்வொன்றும் முடியும்போது கையை அளந்து எழுதி வைப்பது என்று முடிவெடுத்தோம். வருடத்தில் மூன்று தடவை. இதைவிட அடிக்கடி அளந்தால் வித்தியாசம் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை என்றால் திடீரென்று வளரும் காலத்தைத் தவறவிடுவோம். அக்கா அடுப்படிக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். எட்டு வயதில் 53. ஒன்பது வயதில் 55.5. ஒன்பதரை வயதளவில் 56.5.

56ஐத் தாண்டியதும் அக்கா முக்கால் வயலின் வாங்கப் புறப்பட்டார். ஆசிரியை நிறுத்தினார். எல்லையைத் தொடுவது என்பது கவனித்துப் பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதற்கான அறிகுறி மட்டும்தான் என்றார். இரண்டு அளவுகளுக்கு நடுவில் நிற்கும் பிள்ளை சிறியதிலேயே இருப்பது நல்லது. சிறிய வயலினில் கொஞ்சம் அதிக காலம் இருந்தால் ஒலிதான் குறையும். பெரிய வயலினுக்கு முந்திப் போனால் கையின் பழக்கம் கெடும். கெட்ட பழக்கத்தைத் திருத்துவது புதிதாகப் படிப்பதைவிடக் கடினம்.

பிறகு எதைப் பார்த்து மாற்றுவது? அவர் மூன்று விடயங்களைச் சொன்னார். முதலாவது, விரல்கள் நெருக்கப்படுவது. மாயாமாளவகௌளையில் காந்தாரமும் மத்திமமும் அடுத்தடுத்து இருக்கின்றன. விரல் நுனி பருத்துவிட்டால், மத்திமத்துக்கு விரல் வைக்கக் காந்தார விரலை எடுத்து இடம்விட வேண்டி வரும். அதை எடுக்காமல் வைத்தால் மத்திமம் உயர்ந்து ஒலிக்கும். இரண்டாவது, வில் முடிந்துபோவது. சரளி வரிசையை முதல் காலத்தில் நிதானமாக வாசிக்கும்போது, கை இன்னும் நீளக்கூடியதாக இருந்தும் வில் முடிந்துவிட்டால் வில் குட்டையாகிவிட்டது என்று பொருள். மூன்றாவது, நிமிர்ந்து இருந்த பிள்ளை கூனத் தொடங்குவது. களைப்பினால் கூனுவது வகுப்பின் முடிவில் வரும். வயலின் சிறுத்ததால் கூனுவது இருந்த உடனேயே தெரியும். கையின் அளவும் எல்லையைத் தாண்டி, இந்த மூன்றில் இரண்டாவது சில வாரங்கள் தொடர்ந்து தெரிந்தால் மாற்றலாம்.

எங்கள் பிள்ளைக்கு அது பத்து வயதை நெருங்கும்போது, கை 57.5 ஆனபோது வந்தது. விரல்கள் நெருக்குப்பட்டன, முதுகும் வளைந்தது. ஆசிரியையிடம் இருந்த முக்கால் வயலினில் விரல் சோதனையைச் செய்து பார்த்தோம். பஞ்சமம் சிரமமின்றி வந்தது. அதற்குப் பிறகுதான் வாங்கினோம்.

மாற்றுவதற்குக் காரணமாகாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறிய வயலினின் ஒலி மெல்லியது, அடைத்தது போலிருக்கும். ஒலி நல்லாயில்லை என்று சொல்லிப் பெரியதை வாங்கிக் கொடுப்பவர்கள் பலர். வயலின் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ என்ற சுருதிகளுக்காகச் செய்யப்படுகின்றன. நாங்கள் 5 கட்டைச் சுருதியில் சேர்க்கும்போது மெல்லிய தந்திகள் இரண்டும் ஏ, ஈ என்பவற்றிலிருந்து ஜி, டி என்று இறக்கப்படுகின்றன. ஏற்கெனவே நீளம் குறைந்த தந்தி மேலும் தளர்ந்துவிடுகிறது. அதில் முழு வயலினுக்கான தந்தியைப் பூட்டியிருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அது நீண்ட வயலினில் இழுபட்டு நிற்பதற்காகச் செய்யப்பட்டது. தந்திகள் அளவுவாரியாக விற்கப்படுகின்றன. வயலினை மாற்றுவதற்கு முன் அந்த அளவுக்குரிய தந்தியைப் பூட்டிக் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் பிரச்சினை அத்தோடு முடிந்துவிடும்.

மாற்றிய பிறகு சில வாரங்கள்

புதிய அளவுக்குப் போன முதல் வாரம் பிள்ளை எல்லாவற்றையும் மறந்துவிட்டாளோ என்று தோன்றும். சுரங்கள் எல்லாம் தாழ்ந்து ஒலிக்கும். விரல்கள் பழைய தூரத்தையே நினைவில் வைத்திருக்கின்றன, தந்தியோ நீண்டுவிட்டது. இதற்காகப் பிள்ளையை ஏசக் கூடாது. எங்கள் பிள்ளை மீண்டும் சரளி வரிசைக்குப் போனாள். வெறுந்தந்தியின் ஒலியைக் கேட்டுக் கேட்டு விரலைத் திருத்தி, மூன்று வாரங்களில் பழைய இடத்துக்கு வந்தாள். ஆகவே, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையோ பாடசாலைப் போட்டியோ நெருங்கியிருக்கும்போது அளவை மாற்றாதீர்கள். பரீட்சை முடியட்டும், அதற்குப் பிறகு வரும் விடுமுறையில் மாற்றுங்கள். இடைப்பட்ட சில வாரங்கள் சிறிய வயலினில் வாசிப்பதால் கை கெட்டுவிடாது.

பழையதும் பார்சலில் வருவதும்

ஒரு பிள்ளைக்கு மூன்று வயலின் என்பது எங்கள் குடும்பங்களுக்குப் பெரிய செலவு. அதனால்தான் நேரே முழு வயலினை வாங்கிவிட நினைக்கிறோம். ஆனால், சிறிய வயலின் ஒரு பிள்ளையோடு முடிந்துபோகும் பொருள் அல்ல. அரை வயலின் ஒரு பிள்ளையிடம் இருப்பது ஒன்றரை, இரண்டு வருடங்கள்தான். உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் கேட்டால், அந்த அளவைத் தாண்டிய மூத்த மாணவர் யாராவது இருப்பார். எங்கள் அரை வயலின் அப்படித்தான் கிடைத்தது. இப்போது அது மூன்றாவது பிள்ளையிடம் இருக்கிறது.

பழையதை வாங்கும்போது சொல்லும் அளவை நம்பாமல் உடலை அளந்து பாருங்கள். பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை அளக்க வேண்டும். கழுத்து சேருமிடத்தில் துருத்தி நிற்கும் சிறு அரைவட்டத்தைச் சேர்க்கக் கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருப்பதும் அளவும் ஒத்துப்போகாவிட்டால் அளவையே நம்புங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வயலின் அனுப்புவதாகச் சொன்னால், பிள்ளையின் வயதைச் சொல்லாமல் கையின் அளவைச் சொல்லுங்கள். எதுவரை அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்து வயது என்று கேட்டு அன்போடு அனுப்பும் முழு வயலின் இங்கே அலுமாரியில்தான் இருக்கும். அங்கேயும் பிள்ளைகள் வளர்ந்து சிறிய வயலின்களைக் கைவிடுகிறார்கள். கேட்டால் அவை கிடைக்கும்.

கதவில் கடைசியாக எழுதியிருப்பது 59. பிள்ளைக்குப் பதினொரு வயதாகிவிட்டது. அண்மையில் மாமியின் வயலினை இறக்கி, வெறுமனே விரல் சோதனை செய்து பார்த்தோம். பஞ்சமம் மயிரிழை தாழ்ந்து ஒலித்தது. மணிக்கட்டை மடித்தால் பிடித்துவிடலாம் என்பது அவளுக்குத் தெரியும். மடிக்கவில்லை. “சித்தி, இன்னும் காணாது” என்று சொல்லிவிட்டு வயலினைப் பெட்டியில் வைத்தாள். அத்தான் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். அடுத்த தவணை முடிவில் மறுபடியும் அளப்போம்.